கடலை மாவு நெய்ல வறுத்தேன், கலர் வந்துடுச்சு ஆனா பச்சை வாசம் போகல, எங்க தப்பு?

நித்யா_சேலம்
எல்லாருக்கும் வணக்கம். நேத்து முதல் தடவையா பேசன் லட்டு பண்ணேன். பூந்தி லட்டு இல்லைங்க, வடக்கே கடலை மாவ நெய்ல வறுத்து சர்க்கரை சேத்து உருட்டுவாங்களே அது. 250 கிராம் கடலை மாவு, 100 கிராம் நெய். அடுப்ப மீடியம்ல வச்சு பத்து நிமிஷம் கை விடாம கிளறினேன், கலர் நல்லா பொன்னிறமாயிடுச்சு, வாசனையும் வந்த மாதிரி இருந்துச்சு, இறக்கிட்டேன். ஆறினப்புறம் சர்க்கரைத் தூள் போட்டு உருட்டினா பாக்க அழகாத்தான் இருக்கு, வாயில போட்டா மேலண்ணத்துல அப்பிக்குது, முழுங்கினப்புறமும் பச்சை மாவு நெடி தொண்டையிலயே நிக்குது. என் பையன் ஒரு வாய் கடிச்சுட்டு பஜ்ஜி மாவு மாதிரி இருக்கும்மான்னு தட்டுல வச்சுட்டான். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள், மறுபடி பண்ணணும். கலர் வந்தும் ஏன் பச்சையா இருக்குன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ராஜி_அம்மா
இதுக்கு எதுக்கும்மா பத்து நிமிஷம்? நான் தீபாவளிக்குத் தீபாவளி பண்றேன், மாவ வறுக்கவே மாட்டேன். மிக்ஸில மாவரைச்சு, சர்க்கரை ஏலக்காய் அரைச்சு, நெய்ய நல்லா சூடு பண்ணி மேல ஊத்தி கை பொறுக்கற சூட்டுல பிடிச்சா பத்து நிமிஷத்துல முப்பது உருண்டை. பச்சை வாசமே வராது.

கோவை_கிச்சன்
ராஜிம்மா நீங்க சொல்றது மாலாடு, அது பொட்டுக்கடலை, அது ஏற்கனவே வறுத்ததுதானே. இவங்க கேக்கறது கடலைப்பருப்பு மாவு.

நித்யா, உங்க பிரச்சனை நெய்ல நேரா போட்டதுதான். முதல்ல வெறும் கடாயில மாவ மட்டும் போட்டு கலர் மாறற வரைக்கும் வறுங்க, அப்புறம் நெய்ய உருக்கி ஊத்துங்க. நெய்ல போட்டா மாவு நெய்ய உறிஞ்சிடும், அப்புறம் எங்க வறுபடறது. கலர் ஒண்ணுதான் கணக்கு, பொன்னிறம் வந்தா முடிஞ்சது.

நித்யா_சேலம்
ஆனா எனக்கு கலர் வந்துச்சேங்க, அதுதான புரியல.

சரக்குமாஸ்டர்_நெல்லை
நித்யா தங்கச்சி, நான் 22 வருஷமா ஸ்வீட் ஸ்டால்ல சரக்கு மாஸ்டரா இருக்கேன். உங்க பதிவுலயே விடை இருக்கு. ஒண்ணு தீ, இன்னொண்ணு நெய் அளவு.

மீடியம் தீயில என்ன நடக்குதுன்னா, கடாயோட அடியில பட்ட மாவு சீக்கிரம் செவக்குது, நீங்க கிளறி அத மேல கொண்டு வர்றீங்க, மேல இருக்கற பச்சை மாவு கூட அது கலந்துடுது. பத்து நிமிஷத்துல மொத்தமும் பொன்னிறமா தெரியும், ஆனா அது பாதி செவந்த மாவும் பாதி பச்சை மாவும் சேந்து காட்டற கலர். மாவு பாக்கக் காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள கொஞ்சம் ஈரம் இருக்கும், அந்த ஈரம் போய் ஒவ்வொரு துகளும் உள்ளுக்குள்ள வெந்து வர நேரம் வேணும், அந்த நேரத்த தீய கூட்டி வாங்க முடியாது.

அடுத்தது நெய். 250 மாவுக்கு 100 நெய் பத்தாது. மாவு கட்டி கட்டியா உருளும், கட்டியோட வெளிப்பக்கம் செவக்கும், உள்ள அப்படியே கிடக்கும். நெய்தான் சூட்ட எல்லாத் துகளுக்கும் கொண்டு போய் சேக்குது. 150 கிராம் வைங்க. முதல்லயே 120 ஊத்திடுங்க, மிச்சம் 30 நடுவுல.

கோவை தம்பி சொன்னதுல ஒரு பாதி சரி. வெறும் கடாயில அஞ்சு நிமிஷம் மாவ சூடு பண்ணிக்கலாம், ஈரம் கொஞ்சம் போகும், சலிச்சா கட்டியும் விழாது. ஆனா கலர் வர்ற வரைக்கும் வெறுமன வறுத்தா அடி கருகும், கசப்பு வரும். மாவு நெய்ய உறிஞ்சிட்டா அதோட போச்சுன்னு நெனைக்கக் கூடாது, வறுபட வறுபட உறிஞ்சின நெய்ய மாவே திருப்பிக் கக்கும். அதான் பதம்.

நித்யா_சேலம்
மாஸ்டர் ரொம்ப நன்றிங்க. கக்கறதுன்னா பாக்க எப்படி இருக்கும்? நான் கிளறினப்போ கடைசி வரைக்கும் ஈர மண்ணு மாதிரியேதான் இருந்துச்சு.

சரக்குமாஸ்டர்_நெல்லை
அப்ப நீங்க பாதி வழியில இறக்கிட்டீங்க. நான் 250 கிராமுக்கு நடக்கறத அப்படியே சொல்றேன், அடிகனமான கடாய், சின்ன பர்னர், முழு சிம்.

மாவப் போட்டதும் கொழகொழன்னு இருந்து ரெண்டு மூணு நிமிஷத்துல இறுகிடும். கரண்டி கனமா இருக்கும், கை வலிக்கும். இந்த நேரத்துல நெய் பத்தலையோன்னு எல்லாரும் மேல மேல ஊத்திடுவாங்க, ஊத்தாதீங்க. கட்டிய கரண்டி முதுகால அமுக்கி ஒடச்சுகிட்டே இருங்க. பத்துப் பன்னெண்டு நிமிஷம் வரைக்கும் கலர்ல ஒண்ணுமே தெரியாது, எலுமிச்சை மஞ்சளாவேதான் இருக்கும். வாசமும் பருப்பு ஊற வச்ச பாத்திரத்த திறந்தா வருமே அந்த மாதிரி பச்சை நெடிதான். பயந்து தீய கூட்டறது இங்கதான்.

பதினஞ்சு நிமிஷம் வாக்குல கை திடீர்னு லேசாகும், கரண்டிக்கே தெரியும். இறுகிக் கிடந்தது தளர்ந்து களி மாதிரி ஆகும். இப்ப மிச்ச நெய்ய ஊத்துங்க. பதினெட்டு இருபதுல ஓரமெல்லாம் பளபளன்னு நெய் தெரியும், மாவ கரண்டில எடுத்து விட்டா கட்டியா விழாம வழிஞ்சு விழும், மேல பொடிப் பொடியா நுரை மாதிரி பூக்கும். அப்பதான் வாசம் மாறும், வேர்க்கடலை வறுக்கற வாசத்துக்கு வரும். அதுக்கப்புறம் இன்னும் ஒரு அஞ்சாறு நிமிஷம். மொத்தம் இருபத்தஞ்சுல இருந்து முப்பது நிமிஷம் வச்சுக்கோங்க. அடுப்பு அடுப்புக்கு மாறும், அதனால கடிகாரத்த விட கையையும் மூக்கையும் நம்புங்க.

டோம்பிவிலி_அக்கா
மாஸ்டர் சொன்னது அட்சரம் பிசகாம உண்மை. நான் டோம்பிவிலி வந்து 31 வருஷம் ஆச்சு, எதிர்வீட்டு மராத்தி ஆஜி கிட்ட கத்துகிட்டது. அவங்க ரெண்டு விஷயம் சொல்லுவாங்க, அத சேத்துக்கோங்க.

ஒண்ணு மூக்கு. அரை மணி நேரம் கடாய் மேலயே குனிஞ்சு நின்னா மூக்கு பழகிடும், வாசம் மாறினதே தெரியாது. இருபது நிமிஷம் தாண்டினதும் அடுப்ப அணைச்சுட்டு கடாய கீழ இறக்கி வச்சுட்டு பால்கனிக்கு போய் நின்னு ரெண்டு மூச்சு வெளிக்காத்து இழுத்துட்டு உள்ள வாங்க. வாசப்படியில நிக்கும்போதே முறுக்கா ஒரு கமகமன்னு முகத்துல அடிச்சா ஆச்சு. உள்ள வந்ததும் நெய் வாசம் மட்டும் தனியா, மாவு வாசம் தனியா தெரிஞ்சா இன்னும் ஆகல.

ரெண்டாவது கலர். சமையக்கட்டுல மஞ்ச லைட் இருந்தா எல்லாமே பொன்னிறம்தான். ஒரு வெள்ளைத் தட்டுல வறுக்காத மாவு ஒரு சிட்டிகை நெய்ல குழைச்சு ஓரத்துல வச்சுக்கோங்க, அதுக்குப் பக்கத்துல வறுபடறதுல இருந்து அரை ஸ்பூன் வழிச்சு தடவி ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. நல்லா வந்ததுன்னா பச்சை மாவுத் தீத்தலுக்குப் பக்கத்துல லேசான தேன் கலர்ல நிக்கும். அதையே ஆறவிட்டு வாயில போட்டுப் பாத்துடுங்க, சூட்டோட போட்டா நாக்கு வெந்துடும், ருசியும் தெரியாது. ஆறின மாவு அண்ணத்துல ஒட்டாம கரைஞ்சா போதும்.

மணி_அபுதாபி
நான் இங்க ரூம்ல இண்டக்‌ஷன் அடுப்புலதான் பண்றேன், கம்மி வாட்ல வச்சாலும் நடுவுல ஒரு ரூபா அளவுக்கு கருகிடுது, சுத்தி பச்சையாவே இருக்கு. நான்ஸ்டிக் கடாய் வேற, ரொம்ப மெலிசு. போன மாசம் ரெண்டு தடவ மாவு வீணா போச்சு. இதுக்கு வழி இருக்கா மாஸ்டர்?

சரக்குமாஸ்டர்_நெல்லை
தம்பி, நிறைய இண்டக்‌ஷன் அடுப்பு கம்மில வச்சா நிஜமா கம்மியா எரியாது, முழு சூட்டுல கொஞ்ச நேரம் அடிச்சு, கொஞ்ச நேரம் நிறுத்தும், மறுபடி அடிக்கும். மெலிசான கடாய்னா அந்த அடி நேரா மாவுல விழும். அடுப்புல நிக்கற மாதிரி கனமான தோசைக்கல் இருந்தா அத வச்சு அதுமேல கடாய வைங்க. நேரம் கூட ஆகும், ஆனா சூடு பரவி வரும். இல்லன்னா ஒரு நிமிஷம் அடுப்புல, அரை நிமிஷம் கீழ இறக்கி கிளறறதுன்னு மாத்தி மாத்தி செய்யுங்க. நடுவுல கருகின துணுக்கு தெரிஞ்சா சுரண்டி உள்ள கலக்காதீங்க, மேல இருக்கறத மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு கடாய கழுவிட்டு தொடருங்க. அந்த கருப்பு ஒரு ஸ்பூன் போதும், மொத்த லட்டும் கசக்கும்.

பாகுபதம்
இழைய தொடக்கத்துல இருந்து படிச்சேன், என் கதை இதுக்கு நேர் எதிர்ங்க. மைசூர்பாகுக்கு மாவ நல்லா வறுக்கணும்னு யாரோ சொன்னத நம்பி இதே மாதிரி நெய்ல இருபது நிமிஷம் பொன்னிறமா வறுத்துட்டு பாகுல கொட்டினேன். நெய் ஊத்த ஊத்த பொங்கி வரும்னு எதிர்பாத்தா கொஞ்சம்தான் பொங்குச்சு, இறக்கும்போது செம்மண் கலர், வாயில போட்டா லேசா கசப்பு. வறுத்தும் ஏன் கெட்டுச்சு?

சரக்குமாஸ்டர்_நெல்லை
வறுத்ததாலதான் கெட்டுச்சு. லட்டுல மாவ இறக்கினதோட அடுப்பு முடிஞ்சது, அப்புறம் சர்க்கரைத் தூள், உருட்டறது, அவ்வளவுதான். அதனால வேக வேண்டியது மொத்தமும் கடாயிலயே வெந்தாகணும். மைசூர்பாகுல மாவு அதுக்கப்புறம் கொதிக்கற பாகுல விழுது, அதுக்கு மேல புகையற சூட்டுல நெய் கரண்டி கரண்டியா விழுது. மாவு பாதிக்கு மேல அங்கதான் வறுபடுது. அதனால முன்னாடி நாலஞ்சு நிமிஷம், சிம்ல, கலர் மாறவே கூடாது, தொட்டா சுடணும், பச்சை நெடி கொஞ்சம் அடங்கணும், அவ்வளவு போதும். சலிச்சு வச்சுக்கணும்.

ஒரு கப் மாவுக்கு ரெண்டு கப் சர்க்கரை, ரெண்டு கப் நெய், சர்க்கரை முங்கற அளவு தண்ணி. ஒத்தக் கம்பிப் பாகு வந்ததும் மாவ தூவித் தூவி கட்டியில்லாம கிளறணும். பக்கத்து அடுப்புல நெய் காஞ்சுகிட்டே இருக்கணும், ஒரு கரண்டி ஊத்தினா சொய்ன்னு நுரைச்சு பொங்கணும், பொங்கினது அடங்கி உறிஞ்சினதும் அடுத்த கரண்டி. நுரைக்கலன்னா நெய் சூடு பத்தலன்னு அர்த்தம், மாவும் வேகாது, கூடு கூடா ஓட்டையும் விழாது. உங்களுக்கு பொங்காததுக்கும் அதுதான் காரணமா இருக்கும், நெய் ஆறியிருக்கும். பழைய பக்குவத்துல மைசூர்பாகு துண்ட வெட்டினா நடுவுல செவப்பும் மேல கீழ வெளிர் மஞ்சளும் தெரியும் பாருங்க, ட்ரேல கொட்டினப்புறமும் நடுவுல சூடு நின்னு வறுபட்டதால வர்ற கலர் அது. அப்பேர்ப்பட்ட சூட்டுக்குள்ள ஏற்கனவே செவந்த மாவ விட்டா கசக்கத்தான் செய்யும்.

பாகுபதம்
ஆமாங்க, நெய்ய முதல்லயே உருக்கி அடுப்ப அணைச்சு வச்சுட்டேன். இப்ப புரியுது.

கோவை_கிச்சன்
மாஸ்டர் நான் ஒண்ணு ஒத்துக்கறேன், கலர் மட்டும் கணக்குன்னு சொன்னது தப்பு. ஆனா வெறும் வறுவல் விஷயத்துல நான் மாறல. எங்க வீட்ல அம்மா பத்து நிமிஷம் வெறுமன வறுத்துட்டுத்தான் நெய் ஊத்துவாங்க, ஒரு நாள் கூட கருகினதில்ல, நெய்யும் கம்மியா புடிக்குது. அப்புறம் நெய்ல பதினஞ்சு நிமிஷம் போதும்.

டோம்பிவிலி_அக்கா
கை பழகினவங்களுக்கு ஓகேப்பா. புதுசா பண்றவங்க வெறும் கடாயில பத்து நிமிஷம் நின்னா ரெண்டாவது நிமிஷமே போன் வரும். நெய்ல இருந்தா அரை நிமிஷம் கவனம் தப்பினாலும் தாங்கும்.

நான் சொல்ல மறந்தது ஒண்ணு, பதம் வந்து அடுப்ப அணைச்சதும் ஒரு ஸ்பூன் தண்ணி தெளிப்போம். புஸ்ஸுன்னு நுரைச்சு மேல வரும், விடாம கிளறினா அடங்கும், மாவு மணல் மணலா ஆகும், கடையில வாங்கற லட்டு மாதிரி பல்லுல நறநறன்னு தட்டுப்படும். கைய தள்ளி வச்சுக்கோங்க, தெறிக்கும்.

சரக்குமாஸ்டர்_நெல்லை
அக்கா, நீங்க சொல்ற அந்த மணல் பதம் வரும், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு அது பிடிக்காது. அந்தத் தண்ணி முழுசா போகலன்னா லட்டு சீக்கிரம் காறிப் போகும். நாங்க மாவையே கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சு வாங்கிடுவோம்.

டோம்பிவிலி_அக்கா
எங்க வீட்ல பதினஞ்சு நாள் டப்பால இருந்துருக்கு மாஸ்டர், ஒண்ணும் ஆகல. சுடச்சுட இருக்கற மாவுல ஒரு ஸ்பூன் தண்ணி எங்க தங்கப் போகுது.

நித்யா_சேலம்
நடுவுல ஒரு கேள்வி, ஏற்கனவே பண்ண பச்சை லட்டு இருபத்திரெண்டு கிடக்கு. திரும்பக் கடாயில போட்டு வறுக்கலாமா?

சரக்குமாஸ்டர்_நெல்லை
சர்க்கரை கலந்தாச்சு, வறுக்க முடியாது. மாவு வேகறதுக்கு முன்னாடி சர்க்கரை உருகி அடி பிடிச்சுடும்.

ராஜி_அம்மா
தூக்கிப் போடாதம்மா. உதிர்த்துட்டு, தேங்காய் துருவல் ஒரு கப், பால் ஒரு கப் சேத்து கரைச்சு, இனிப்பு பாத்து கொஞ்சம் சர்க்கரை, நெய் விட்டு கிளறு. செவன் கப் கேக் மாதிரி சட்டிய விட்டு சுருண்டு வரும், தட்டுல கொட்டி துண்டு போட்டுடலாம். அதுல பச்சை மாவுதானே போடறோம், பால்லயே வெந்துடும். போன வருஷம் என் மருமக இப்படித்தான் காப்பாத்தினா.

நித்யா_சேலம்
(மூணு நாள் கழிச்சு) ராஜிம்மா, துண்டு போட்டாச்சு, வீட்ல யாருக்கும் அது லட்டா இருந்ததுன்னே தெரியல, ரொம்ப நன்றிம்மா.

இன்னைக்கு காலைல புது மாவுல பண்ணேன். 250க்கு 150 நெய், இரும்புக் கடாய், சிம். பன்னெண்டாவது நிமிஷம் வரைக்கும் ஒரு மாத்தமும் இல்ல, தீய கூட்டிடலாமான்னு கை ரெண்டு தடவ போச்சு, கூட்டல. பதினாறாவது நிமிஷத்துல மாஸ்டர் சொன்ன மாதிரியே கரண்டி சட்டுன்னு லேசாச்சு, எனக்கு சிலிர்த்துப் போச்சு. இருபத்தி மூணுல ஓரத்துல நெய் பளபளன்னு நின்னுச்சு. அடுப்ப அணைச்சுட்டு பால்கனி போய்ட்டு வந்தேன், ஹால்லயே வாசம், அடுத்த ரூம்ல படிச்சுட்டு இருந்த பையன் என்னம்மா வறுக்கறன்னு எழுந்து வந்தான். சரின்னு மறுபடி வச்சு மூணு நிமிஷம் கிளறி அணைச்சேன். ஆனா அணைச்சு கடாயிலயே விட்டுட்டேன், பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா நான் நினைச்சத விட ஒரு படி கூடவே செவந்திருக்கு. கசப்பு இல்ல, ஆனா தட்டுல வச்சுப் பாத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுது.

சரக்குமாஸ்டர்_நெல்லை
இரும்புக் கடாய் அணைச்சப்புறமும் சூட்ட விடாது. அடுத்த தடவ நீங்க நினைக்கற கலருக்கு ஒரு படி முன்னாடியே அணைச்சு, உடனே அகலமான எவர்சில்வர் தட்டுக்கு மாத்தி ரெண்டு நிமிஷம் கிளறிவிடுங்க. சர்க்கரைய எப்ப போட்டீங்க?

நித்யா_சேலம்
விரல வச்சா வெதுவெதுன்னு இருந்தப்போ. 200 கிராம் பொடிச்ச சர்க்கரை. உருட்ட வந்துச்சு, அண்ணத்துல ஒட்டல.

சரக்குமாஸ்டர்_நெல்லை
அதுதான் சரி. சூட்டோட போட்டிருந்தா சர்க்கரை இளகி மாவு தளர்ந்து லட்டு தட்டையா உக்காந்திருக்கும்.

மணி_அபுதாபி
தோசைக்கல் மேல கடாய் வச்சு பண்ணேன் மாஸ்டர், நாப்பது நிமிஷம் ஆச்சு, ஆனா கருகல. ரூம்ல ஆறு பேர், ராத்திரிக்குள்ள தட்டு காலி. ஒரே குறை, கடையில கிடைச்ச மாவு ரொம்ப நைஸ், வாயில மெழுகு மாதிரி போகுது, மணல் மணலா வரல.

டோம்பிவிலி_அக்கா
மணி, ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சுப் பாருப்பா. மாஸ்டர் கோச்சுக்க மாட்டார்.

சரக்குமாஸ்டர்_நெல்லை
நைஸ் மாவுன்னா மூணு ஸ்பூன் ரவைய நெய்ல தனியா வறுத்து சேத்துக்கோ தம்பி. தண்ணியா ரவையான்னு நீயே ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லு.

நித்யா_சேலம்
நான் நாளைக்கு கடலைப்பருப்பு ஒரு கிலோ வாங்கி மில்லுக்குக் கொண்டு போகலாம்னு இருக்கேன். வெயில்ல எத்தனை நாள் காய வைக்கணும் மாஸ்டர், அரைக்கறவர் கிட்ட என்ன சொல்லணும்?

சரக்குமாஸ்டர்_நெல்லை
ஒரு நாள் நல்ல வெயில் போதும். முன்னாடி யார் என்ன அரைச்சாங்கன்னு கேட்டுக்கோங்க, மிளகா அரைச்ச கையோட போட்டுடாதீங்க. இட்லி ரவைக்கும் நைஸ் மாவுக்கும் நடுவுலன்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. அந்த மாவு வேக அஞ்சு நிமிஷம் கூட ஆகும், தீய மட்டும் கூட்டிடாதீங்க.